பேட்டரியா, கபாசிட்டரா? மின்சுற்றுப் படத்தின் புகைப்படத்தைப் படிக்கும் விதம்

எலக்ட்ரானிக்ஸ் பழகத் தொடங்கியிருக்கும் தம்பி ஒருவர், நோட்டுத் தாளில் பேனாவால் வரைந்திருந்த ஒரு மின்சுற்றைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார். இருட்டியதும் தானாக எரியும் சின்ன விளக்குக்கான சுற்று அது. வரைந்தது அவர் இல்லை, யாரிடமோ இருந்து வாங்கியது. கூடவே, வாங்க வேண்டிய பாகங்களின் பட்டியலையும் அவரே எழுதியிருந்தார். அதன் முதல் வரி: "பேட்டரி இரண்டு. ஒன்று 9 வோல்ட், ஒன்று 16 வோல்ட். அண்ணா, 16 வோல்ட் பேட்டரி எங்கே கிடைக்கும்?"

படத்தில் 16 வோல்ட் பேட்டரி எதுவும் இல்லை. இருந்தது ஒரு கபாசிட்டர். ஆனால் அவர் அப்படிப் படித்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. அந்த ஒரு படத்தையே இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போனால், குறியீடுகள் எங்கே ஏமாற்றும், எதை வைத்து உறுதி செய்யலாம் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

முதலில் படத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு நீளமான கிடைக்கோடு, கீழே ஒரு நீளமான கிடைக்கோடு. இடது ஓரத்தில் இரண்டையும் இணைத்தபடி ஒரு இரட்டைக்கோட்டுக் குறியீடு, பக்கத்தில் 9V. அதற்கு வலப்புறம் அதே மாதிரி இன்னொரு இரட்டைக்கோடு, பக்கத்தில் இரண்டு வரியாக ஏதோ எழுத்து. அடுத்து, மேலே R1 என்ற வளைநெளிக் கோடும், அதன் கீழே வட்டத்துக்குள் இன்னொரு வளைநெளிக் கோடும். இரண்டும் சேரும் இடத்திலிருந்து வலப்புறமாக R2 வழியே ஒரு டிரான்சிஸ்டருக்குக் கம்பி போகிறது. டிரான்சிஸ்டருக்கு மேலே ஒரு முக்கோணம், அதற்கும் மேலே R3.

எந்தக் குறியீட்டுக்கும் நான்கு அடையாளங்கள் உண்டு: அதன் வடிவம், அதிலிருந்து வெளியே போகும் கம்பிகளின் எண்ணிக்கை, பக்கத்தில் எழுதியிருப்பது, சுற்றில் அது உட்கார்ந்திருக்கும் இடம். புதிதாகப் படிப்பவர்கள் வடிவத்தை மட்டும் பார்ப்பார்கள். புகைப்படத்தில் முதலில் கெட்டுப்போவதும் அந்த வடிவம்தான். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது புரியும். A4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். தாள் முழுதும் அடங்கும்படி எடுத்த படத்தை அனுப்பும்போது, ஆப் அதை நீளவாக்கில் 1600 பிக்சலாகச் சுருக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டருக்குக் கிடைப்பது ஐந்து பிக்சல் சொச்சம். பேனாக் கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்றால் அதற்கு மூன்று பிக்சல்கூட முழுதாக இல்லை. கை லேசாக அசைந்திருந்தால் அதுவும் மங்கிவிடும். ஆக, ஒரு கோடு தடித்ததா மெல்லியதா, அம்பின் தலை எந்தப் பக்கம், கோட்டின் நுனி வளைந்திருக்கிறதா என்ற விவரங்கள்தான் முதலில் காணாமல் போகும். பல குறியீடுகளுக்கு இடையே இருக்கும் வித்தியாசமே அந்த விவரங்கள்தான்.

படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு குறியீடாக உற்றுப் பார்ப்பதற்கு முன்னால் நான் ஒன்றைச் செய்துகொள்வேன். படத்தில் இருக்கும் எழுத்துகள் நேராகப் படிக்கக் கிடைக்கின்றனவா என்று பார்ப்பேன். போனின் முன்பக்கக் கேமராவில் எடுத்த படம் சில சமயம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாகத் திரும்பியிருக்கும். R என்ற எழுத்து திரும்பியிருந்தால் உடனே தெரியும். V, A போன்றவை திரும்பினாலும் அப்படியேதான் தெரியும், அவற்றை நம்பிப் பயனில்லை. திரும்பிய படத்தில் இணைப்புகள் கெடாது, ஆனால் ஐ.சி. முனைகளின் வரிசை தலைகீழாகிவிடும்.

சரி, இப்போது அந்த இரட்டைக்கோடுகளுக்கு வருவோம். மின்கலத்தின் குறியீட்டில் இணையான இரண்டு கோடுகள்: நீளமானது பாசிட்டிவ், குட்டையானது நெகட்டிவ். குட்டைக் கோட்டைத் தடித்தும் வரைவார்கள். கபாசிட்டருக்கும் இணையான இரண்டு கோடுகள்தான், ஆனால் இரண்டும் ஒரே நீளம். பாசிட்டிவ் நெகட்டிவ் பார்த்து மாட்ட வேண்டிய எலக்ட்ரோலிட்டிக் வகை என்றால் ஒரு பக்கம் கூட்டல் குறி போடுவார்கள், அல்லது நெகட்டிவ் பக்கத்துக் கோட்டை வளைத்து வரைவார்கள். புத்தகத்தில் அச்சிட்ட படத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கையால் அவசரமாக வரையும்போது நீளமும் குட்டையும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். இந்தப் படத்தில் அதுதான் நடந்திருந்தது. இரண்டு குறியீடுகளையும் வடிவத்தை வைத்துப் பிரிக்கவே முடியவில்லை.

தம்பி அடுத்தபடியாக எழுத்தைப் பார்த்திருக்கிறார், அது சரியான வழிதான். இரண்டாவது குறியீட்டின் பக்கத்தில் 16V என்று இருந்தது. வோல்ட் என்றால் பேட்டரி என்று முடிவு செய்துவிட்டார். ஆனால் அதற்கு மேலே இன்னொரு வரியும் இருந்தது, 1004 என்பதுபோல. அவர் அதை ஏதோ மாடல் எண் என்று நினைத்து விட்டுவிட்டார். அது 100µ. மைக்ரோவைக் குறிக்கும் µ எழுத்தைக் கையால் வேகமாக எழுதினால் 4 போலவும் வரும், u போலவும் வரும், M போலவும் வரும். நூறு மைக்ரோஃபாரட், 16 வோல்ட் என்பது எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டரின் மேல் அச்சிட்டிருக்கும் இரண்டு மதிப்புகள். அந்த 16 வோல்ட், கபாசிட்டர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அது கொடுக்கும் அளவு கிடையாது.

எழுத்து சுத்தமாக அழிந்துபோயிருந்தாலும்கூட இதைக் கண்டுபிடித்திருக்கலாம். எப்படியென்றால், இரண்டு குறியீடுகளும் அதே மேல்கோட்டுக்கும் அதே கீழ்க்கோட்டுக்கும் நடுவில் இருக்கின்றன. 9 வோல்ட் பேட்டரிக்கு நேர் இணையாக 16 வோல்ட் பேட்டரியை வைத்தால், பெரியது சின்னதற்குள் கட்டுப்பாடில்லாமல் மின்னோட்டத்தைத் தள்ளும். இரண்டும் சூடாகிக் கெடும். விவரம் தெரிந்து வரைந்தவர் யாரும் அப்படி வரைய மாட்டார். பேட்டரியை ஒட்டி இணையாக ஒரு கபாசிட்டர் வைப்பதோ மிக வழக்கமான ஒன்று, சப்ளை ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்துவதற்காக. அந்த இடத்தில் அதைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

இதே குடும்பத்தில் இன்னொரு குழப்பமும் அடிக்கடி வரும். இந்தப் படத்தில் கீழ்க்கோட்டின் வலது முனையில் நீளம் குறைந்துகொண்டே போகும் மூன்று கோடுகள் இருந்தன, அது தரை இணைப்பு. மூன்றாவது சின்னக் கோடு மங்கிவிட்டால் மிச்சம் நிற்பது நீளம் ஒன்று, குட்டை ஒன்று. அப்படியே மின்கலம் போல இருக்கும்! இங்கே கம்பிகளை எண்ணினால் போதும். மின்கலத்துக்கு இரண்டு பக்கமும் கம்பி உண்டு. தரைக் குறியீட்டுக்கு ஒரே கம்பிதான், அதற்கு அப்பால் வெற்றுத் தாள். கம்பிகளின் எண்ணிக்கை, எவ்வளவு மோசமான புகைப்படத்திலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் அடையாளம். அதனால்தான் அதை நான் வடிவத்துக்கு முன்னால் வைக்கிறேன்.

ரெசிஸ்டரில் குழப்பம் குறைவு. வளைநெளிக் கோடு அமெரிக்க வழக்கு, வெறும் செவ்வகம் ஐ.இ.சி. 60617 தரத்தின் வழக்கு. இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன, இரண்டையும் பழகிக்கொள்ள வேண்டியதுதான். செவ்வகமாக வரைந்த படங்களில் மட்டும் ஒரு எச்சரிக்கை: ஃபியூஸும் அதே செவ்வகம்தான், ஆனால் நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு ஊடுருவிப் போகும். அந்த உள்கோடு புகைப்படத்தில் மறைந்தால் ஃபியூஸ் ரெசிஸ்டராகிவிடும். பக்கத்தில் ஓம் மதிப்புக்குப் பதிலாக ஆம்பியர் மதிப்பு இருந்தாலோ, பேட்டரியை விட்டு வெளியே வரும் முதல் பாகமாக அது இருந்தாலோ ஃபியூஸ் என்று சந்தேகப்படலாம்.

அடுத்து, R1-ம் வட்டத்துக்குள் இருக்கும் வளைநெளியும் சேரும் இடம். அங்கே மேலிருந்து ஒரு கோடு, கீழிருந்து ஒரு கோடு, வலப்புறம் ஒரு கோடு. ஆனால் புகைப்படத்தில் இடப்புறமும் ஒரு கோடு போவதாகத் தெரிந்தது. அப்படியானால் அது கூட்டல் குறி வடிவம். புள்ளி வைக்காத கூட்டல் வடிவம் என்றால், இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் குறுக்கே கடந்து போகின்றன என்று பொருள். அப்படிப் படித்தால் R1-ம் கீழே இருப்பதும் தங்களுக்குள் மட்டும் இணைந்து, டிரான்சிஸ்டருக்கு எதுவுமே போய்ச் சேராது.

இந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடப்புறக் கோடு மற்ற கோடுகளைவிட வெளிறிய நீலம், தடிமனும் குறைவு. கபாசிட்டரின் கம்பியைக் கடந்து, பேட்டரியின் கம்பியையும் கடந்து தாளின் ஓரம் வரை போகிறது. அதற்கு மேலும் கீழும் சம இடைவெளியில் அதே மாதிரிக் கோடுகள். அது நோட்டில் அச்சிட்ட கோடு! வரைந்தவர் R2-க்குப் போகும் கம்பியை நோட்டின் கோட்டின் மேலேயே வரைந்திருக்கிறார், அதனால் கம்பி முடிந்த பிறகும் கோடு தொடர்வதுபோலத் தோன்றியது. உண்மையில் அங்கே இருப்பது மூன்று கோடுகள் சேரும் T வடிவம். T வடிவத்துக்குப் புள்ளி தேவையே இல்லை, அது எப்போதும் இணைப்புதான். குழப்பம் கூட்டல் வடிவத்தில் மட்டுமே. நேர்த்தியாக வரைபவர்கள் நான்கு கம்பி சேரும் இடத்தைக்கூட ஒன்றுக்கொன்று சற்று விலகிய இரண்டு T-களாகவே வரைவார்கள், புள்ளி அழிந்தாலும் இணைப்பு அழியக்கூடாது என்பதற்காக.

வட்டத்துக்குள் இருந்த வளைநெளிக்கு வெளியே இரண்டு சின்ன அம்புகள். டிரான்சிஸ்டருக்கு மேலே இருந்த முக்கோணத்துக்குப் பக்கத்திலும் இரண்டு சின்ன அம்புகள். சாய்ந்த அம்புகள் ஒளியைக் குறிக்கும். உள்நோக்கி வந்தால் அந்தப் பாகம் ஒளியை வாங்குகிறது, வெளிநோக்கிப் போனால் ஒளியைத் தருகிறது. இந்தப் படத்தில் அம்புத் தலைகள் எல்லாம் மசியாகத் திட்டுத் திட்டாக இருந்தன, திசை சொல்ல முடியவில்லை. வளைநெளி விஷயத்தில் அதனால் பாதகமில்லை: ரெசிஸ்டர் வடிவத்தோடு ஒளி அம்பு இருந்தால் அது எல்.டி.ஆர்.தான், வெளிச்சம் பட்டால் தடை குறையும் பாகம். முக்கோண விஷயத்தில்தான் இரண்டு வாய்ப்புகள். வெளியே போகும் அம்பு என்றால் எல்.இ.டி., உள்ளே வரும் அம்பு என்றால் ஃபோட்டோடயோடு.

இதைத் தீர்த்துவைத்தது முக்கோணம் இருந்த திசை. டயோடின் முக்கோணம் மின்னோட்டம் பாயும் திசையைக் காட்டும். கூரிய முனையில் இருக்கும் குறுக்குக்கோடு கேத்தோடு. நம் படத்தில் மேல்கோடு பாசிட்டிவ், முக்கோணத்தின் கூர்முனை கீழே டிரான்சிஸ்டரை நோக்கி இருந்தது. அதாவது மின்னோட்டம் தாராளமாகப் பாயும் திசையில் மாட்டியிருக்கிறார்கள். ஃபோட்டோடயோடை இப்படி மாட்டும் வழக்கம் இல்லை, அதைத் திருப்பி, கேத்தோடு பாசிட்டிவைப் பார்க்கும்படிதான் மாட்டுவார்கள். போதாததற்கு, இதனுடன் தொடராக R3 வேறு இருந்தது. எல்.இ.டி. என்றால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த அப்படி ஒரு ரெசிஸ்டர் இருந்தே ஆக வேண்டும்.

இதே யோசனை ஜீனர் டயோடுக்கும் உதவும். ஜீனரின் குறுக்குக்கோட்டு நுனிகள் லேசாக மடங்கியிருக்கும். அந்த மடிப்புகள்தான் புகைப்படத்தில் முதலில் போகும், பார்க்கச் சாதாரண டயோடு போலவே இருக்கும். ஒரு ரெசிஸ்டருக்குப் பிறகு, சப்ளைக்குக் குறுக்கே, கூர்முனை பாசிட்டிவைப் பார்த்தபடி ஒரு டயோடு நின்றால், நுனி மடங்கியிருக்கிறதா என்று மறுபடி பார்ப்பது நல்லது.

டிரான்சிஸ்டரில் அம்பு இருக்கும் கால் எமிட்டர். அம்பு வெளியே போனால் என்.பி.என்., உள்ளே வந்தால் பி.என்.பி. இந்த அம்பும் திட்டாகத்தான் இருந்தது, ஆனால் பக்கத்தில் BC547 என்று தெளிவாக எழுதியிருந்தது. BC547 என்.பி.என். வகை. அம்புள்ள கால் கீழ்க்கோட்டில் சேர்ந்திருக்கிறது, எல்.இ.டி. மேலே கலெக்டரில் இருக்கிறது. என்.பி.என். டிரான்சிஸ்டரைச் சுவிட்சாகப் பயன்படுத்தும் வழக்கமான அமைப்பு அது. எழுத்தும் இடமும் ஒத்துப்போயின. BC557 என்று இருந்திருந்தால் அது பி.என்.பி. அந்த நடு எண் 4-ஆ 5-ஆ என்பதைப் பார்த்து உறுதி செய்தேன், அதில் தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் சுற்று வேலை செய்யாது.

மிச்சம் R3-ன் மதிப்பு. தம்பியின் பட்டியலில் "R3 = 47052" என்று இருந்தது. அப்படி ஒரு மதிப்பில் ரெசிஸ்டர் கடையில் கிடைக்காது, அதுவே ஒரு துப்பு. Ω எழுத்தின் இரண்டு கால்களும் அகன்று, மேலே சற்றுத் திறந்து எழுதினால் அது 52 போலவே தெரியும். 470Ω தான் 47052 ஆகியிருக்கிறது. கைப்படங்களில் இது அடிக்கடி நடக்கும். 4.7 கிலோ ஓமை 4k7 என்று எழுதும் வழக்கம் வந்ததும் இப்படிப்பட்ட தொல்லையால்தான். தசமப் புள்ளி நகலெடுக்கும்போது தொலைந்து 47k ஆகிவிடும் என்று, புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தையே வைத்தார்கள்.

படித்தது சரியா என்று பார்க்க ஒரு கணக்குப் போட்டுவிடலாம். சிவப்பு எல்.இ.டி.யில் சுமார் 2 வோல்ட் இறங்கும், டிரான்சிஸ்டரில் ஒரு 0.2 வோல்ட்.

```
470 Ω  :  (9 − 2 − 0.2) / 470    ≈ 14.5 mA
47052 Ω:  (9 − 2 − 0.2) / 47052  ≈ 0.14 mA
```

பதினான்கு மில்லி ஆம்பியர் சாதாரண எல்.இ.டி.க்கு ஏற்ற அளவு. மற்றது அதில் நூறில் ஒரு பங்கு, விளக்கு என்று சொல்லும்படி எரியாது. 470Ω என்பது உறுதியாகிறது.

அடுத்து, சுற்று சொன்ன வேலையைச் செய்கிறதா? எல்.டி.ஆர். கீழே, 100 கிலோ ஓம் R1 மேலே. வெளிச்சத்தில் எல்.டி.ஆர். 1 கிலோ ஓம் அளவுக்கு இறங்கினால், நடுவில் இருக்கும் மின்னழுத்தம் 9 வோல்ட்டில் நூறில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 0.09 வோல்ட். டிரான்சிஸ்டர் திறக்க 0.6 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், அதனால் விளக்கு அணைந்திருக்கும். இருட்டில் எல்.டி.ஆரின் தடை பல மடங்கு ஏறி, R1 வழியாக வரும் மின்னோட்டம் R2 வழியே டிரான்சிஸ்டரின் பேஸ் காலுக்குள் போகும், விளக்கு எரியும். ஆக, இது இருட்டு விளக்குதான். R1-ஐயும் எல்.டி.ஆரையும் இடம் மாற்றிப் படித்திருந்தால் அதே பாகங்களே வெளிச்சத்தில் எரியும் விளக்கைத் தந்திருக்கும். அதாவது, அந்தச் சின்ன அம்புகள் எந்த வளைநெளிக்குப் பக்கத்தில் இருக்கின்றன என்பது சுற்றின் வேலையையே புரட்டிவிடும்.

எல்லாம் முடிந்த பிறகும் ஒன்று மட்டும் உறுத்தியது. R1-ன் மேல் சாய்வாக ஒரு மங்கலான கோடு இருந்தது. சாய்வாக அம்பு குறுக்கே போனால் அது மாற்றக்கூடிய ரெசிஸ்டர். ஆனால் தாள் மடிந்த தடமும் அப்படித்தான் தெரியும். மடிப்பு என்றால் குறியீட்டோடு நிற்காமல் தாளில் நீண்டு போயிருக்கும், ஆனால் அந்தப் பக்கம் நிழல் விழுந்திருந்ததால் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை.

அப்புறம்தான் R2 கண்ணில் பட்டது, 1 கிலோ ஓம். R1 நிலையான 100 கிலோ ஓம் என்றால் R2-க்கு அங்கே வேலையே இல்லை, 100 கிலோ ஓமோடு தொடரில் 1 கிலோ ஓம் சேர்ந்து என்ன ஆகப்போகிறது? R1 திருகக்கூடியதாக இருந்தால் மட்டுமே அது அவசியம். ஒருவர் அதைத் திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விட்டால், 9 வோல்ட்டும் நேரே பேஸுக்குப் போய் டிரான்சிஸ்டர் அழிந்துவிடும். R2 இருந்தால் பேஸ் மின்னோட்டம் 8 மில்லி ஆம்பியர் சொச்சத்தோடு நின்றுவிடும்.

தம்பியிடம் அந்த மூலையை மட்டும், ஜன்னல் வெளிச்சத்தில், போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வந்தது. சாய்வுக் கோடு R1-ஐத் தாண்டியதும் நின்றது, அதன் மேல்நுனியில் ஒரு சின்ன அம்புத் தலை இருந்தது. பட்டியலில் "16 வோல்ட் பேட்டரி" இருந்த வரியை அவர் அடித்துவிட்டு, 100 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்றும், திருகி மாற்றக்கூடிய 100 கிலோ ஓம் பிரீசெட் ஒன்றும் எழுதிக்கொண்டார்.